நாய்னு சொன்னான், எழுதிக்கிட்டேன்

"என்ன கனவு வந்துச்சுப்பா?"ன்னு அந்தப் பையன்கிட்ட அன்னிக்கு நாலு தடவ கேட்டேன். மூணு தடவ "ஒன்னும் வரல மிஸ்"னான். நாலாவது தடவ அம்மா முகத்தப் பாத்தான், என் கையில இருந்த பேனாவப் பாத்தான், அப்புறம் "நாய்"னான். நானும் எழுதிக்கிட்டேன். ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இன்னும் அந்த இடத்துக்கே மனசு போயிட்டுப் போயிட்டு வருது.

ஏழு வயசுப் பையன். வாரத்துல நாலஞ்சு ராத்திரி அலறுறான்னு கூட்டிட்டு வந்திருந்தாங்க. ஏற்கனவே தர்காவுல மந்திரிச்சு, கோயில்ல வேப்பிலை அடிச்சு, இடுப்புல தாயத்தும் கட்டியாச்சு. எங்கிட்ட வந்த சீட்டுல "அடிக்கடி கெட்ட கனவு"ன்னு எழுதியிருந்தது. ஓபில வெளிய கூட்டம் நிக்கும்போது சீட்டுல என்ன இருக்கோ அதுலருந்துதான் பேச்ச ஆரம்பிக்கிறோம். இத ஒரு சாக்காத்தான் சொல்றேன்னு எனக்கே தெரியுது. ஏன்னா அன்னிக்குப் பாட்டி எல்லாத்தையும் தெளிவாச் சொல்லிட்டாங்க.

"கண்ணு தொறந்துதானுங்க இருக்குது, ஆனா ஆளு இங்க இல்லீங்க. எந்திரிச்சு உக்காந்து கத்தறான், வேர்த்து ஊத்துது, புடிக்கப் போனா தள்ளி உட்டுர்றான். கொஞ்ச நேரத்துல தானா படுத்துக்கறான். காலைல கேட்டா நான் எங்க கத்துனேங்கறான்."

இதுக்கு மேல ஒரு புத்தகமும் சொல்லாது, இது நைட் டெரர். நைட் டெரர்ங்கிறது தூங்க ஆரம்பிச்சு ஒன்னுலருந்து மூணு மணி நேரத்துக்குள்ள, ஆழ்ந்த தூக்கத்துலருந்து மூளை பாதிதான் மேல வர்றப்ப நடக்கிறது. உடம்பு முழிச்சுக்குது, ஆள் முழிக்கல. அதனாலதான் அம்மாவயே அடையாளம் தெரியல, சமாதானம் பண்ண பண்ண இன்னும் மூர்க்கமாகுது, காலைல ஞாபகமும் இல்ல. கெட்ட கனவு அப்படியே நேர்மாறு. அது பெரும்பாலும் விடியக்காலைப் பக்கம், கனவுத் தூக்கம் அதிகமா இருக்கிற நேரத்துல வரும். பிள்ளை நல்லா முழிச்சுக்கும், அம்மாவ ஒட்டிக்கும், என்ன வந்துச்சுன்னு சொல்லும், திரும்பத் தூங்கப் பயப்படும். கெட்ட கனவுல பயப்படுறது பிள்ளை, நைட் டெரர்ல பயந்து போறது பாக்கிற நாம. மணி என்ன, காலைல ஞாபகம் இருக்கா, இந்த ரெண்டு கேள்வி போதும் முக்கால்வாசி பிரிச்சுடலாம். நான் அந்த ரெண்டையும் கேக்காம கனவைக் கேட்டேன்.

நாய்னு ஒன்னு கிடைச்ச உடனே இமேஜரி ரிஹர்சல் ஆரம்பிச்சேன். கனவைப் பகல்ல முழிச்சிருக்கும்போது எடுத்து, கதைய இஷ்டப்படி மாத்தி, மாத்தின கதைய மட்டும் தினமும் மனசுல ஓட்டிப் பாக்கிற முறை அது. அமெரிக்காவுல பேரி க்ராகோவ் குழு 2001-ல பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள்கிட்ட இதச் செஞ்சு, கெட்ட கனவு குறைஞ்சதக் காட்டினாங்க. பிள்ளைங்களோட செய்யும்போது படம் வரைய வைப்போம். ஆனா மாத்துறதுக்கு முதல்ல ஒரு கனவு இருக்கணுமே. அந்தப் பெண்களுக்குத் தங்களோட கனவு என்னன்னு நல்லாத் தெரியும், இவனுக்குச் சொல்ல ஒன்னுமே இல்ல. நான்தான் விடல. அதோட நிக்காம "நாய் குட்டி நாயா மாறி உன் கூட விளையாடுது, சரியா?"ன்னு முடிவையும் நானே குடுத்தேன். தலைய ஆட்டினான். தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம் அதையே நினைக்கச் சொல்லி அனுப்பினேன்.

ரெண்டு வாரம் கழிச்சு வந்தாங்க. அலறல் அப்படியே இருக்கு. கூடவே புதுசா ஒன்னு, விடியக்காலை நாலரை மணி போல எழுந்து அம்மாகிட்ட வந்து ஒட்டிக்கிட்டு நாய் துரத்துதுன்னு அழறானாம், படுக்கப் போகவே அடம் பிடிக்கிறானாம். அவன்கிட்ட மெதுவா, "இந்த நாய் எப்பருந்துப்பா வருது?"ன்னேன்.

"நீங்க கேட்டதுக்கப்புறம் மிஸ்."

குத்தமா சொல்லல, கணக்குக்கு விடை சொல்ற மாதிரி சொன்னான்.

அப்புறம்தான் செய்ய வேண்டியதச் செஞ்சேன். அலறும்போது போன்ல வீடியோ எடுங்க, மணியக் குறிங்கன்னேன். ஒரு வாரத்துல நாலு வீடியோ வந்துச்சு, எல்லாமே பத்தரைலருந்து பதினொன்னேகாலுக்குள்ள, பையன் தூங்கறது ஒம்பதரைக்கு. கண்ணு அகலத் தொறந்திருக்கு, கேமராவ ஊடுருவிப் பாக்குது. தூக்கத்துல வர்ற வலிப்பா இருக்குமோன்னும் யோசிச்சேன், ஆனா அது பெரும்பாலும் சின்னதா, அச்சு மாறாம ஒரே மாதிரி, ஒரே ராத்திரில பல தடவ வர்ற வழக்கம், இது அப்படி இல்ல. தூக்கத்தக் கலைக்கிற குறட்டையும் இல்ல, இருந்திருந்தா இஎன்டி கிட்ட அனுப்பியிருப்பேன். கேட்டுப் பாத்தா, அம்மா கம்பெனி ஷிப்ட் மாறினதுல ஸ்கூல் பஸ்சுக்கு அஞ்சரைக்கே எழுப்பறாங்க, டியூஷன் சேத்ததுல சாயங்காலத் தூக்கமும் போச்சு. தூக்கம் குறையக் குறைய ஆழ்ந்த தூக்கம் இன்னும் ஆழமாகும், டெரருக்கு அதுதான் தீனி.

டியூஷன நிறுத்தி எட்டரைக்கே படுக்க வச்சாங்க. பாட்டி அவன் மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்பறத நிறுத்தச் சொன்னேன், பக்கத்துல உக்காந்து எங்கயும் இடிச்சுக்காமப் பாத்துக்கிட்டாப் போதும். புது நேரத்துல படுக்க ஆரம்பிச்சப்புறம் அலறலும் ஒம்பதே முக்கால் போல வந்துச்சு. அதனால தினமும் ஒம்பதரைக்கு லேசாத் தட்டி, "ம்"னு ஒரு குரல் குடுக்கிற அளவுக்கு மட்டும் எழுப்பி, திரும்பத் தூங்க விட்டாங்க. மூணாவது வாரம் அலறல் நின்னுச்சு. இந்தத் தட்டி எழுப்பறதாலயா, கூடுதல் தூக்கத்தாலயான்னு பிரிச்சுச் சொல்ல எனக்கு வழியில்ல, தானா விட்டுப் போறதும் உண்டு.

மிச்சம் நாய். இப்ப அது நிஜமான கனவு, அதுக்கு இமேஜரி ரிஹர்சல் சரிதான். இந்தத் தடவ முடிவ அவன்கிட்ட விட்டேன். கிரேயான எடுத்துட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தான். குட்டி நாய் வேணாம்னுட்டான், "குட்டியும் கடிக்கும் மிஸ்". அப்புறம் நாய் வாயில ஒரு செருப்பு வரைஞ்சான். நாய் அவனக் கடிக்க வரலயாம், செருப்புக்குத்தான் துரத்துதாம், ஒன்னக் கழட்டிப் போட்டா கவ்விட்டுப் போயிடுமாம். தினமும் சாயங்காலம் பாட்டிகிட்ட அந்தக் கதைய அஞ்சு நிமிஷம் சொன்னான், பழைய கனவ யாரும் திரும்பக் கேக்கல. பத்துப் பன்னெண்டு நாள்ல விடியக்காலை அழுகை நின்னுச்சு.

அம்மா எனக்கு ஆறுதலா, "பஸ் ஸ்டாப்புல ஒரு நாய் இருக்குங்க மேடம், இருட்டுல போறப்ப குலைக்கும், அதத்தான் சொல்லியிருப்பான்"னாங்க. இருக்கலாம். நான் கேக்காட்டியும் அந்த நாய் கனவுல வந்திருக்கலாம். சில நாள் அதையே பிடிச்சுக்கிறேன். ஆனா அந்த நாலாவது தடவ கேட்டப்ப அவன் முகம் இருந்தது எப்படின்னா, ஸ்கூல்ல டீச்சர் முறைச்சதும் தெரியாத பதிலுக்கு எதையாவது சொல்லிட்டு உக்காந்துக்கிற பிள்ளை முகம். பாட்டி அந்த நேரம் பூரா பின்னாடி பெஞ்சுல உக்காந்து தலைய இல்ல இல்லன்னு ஆட்டிட்டே இருந்தாங்க, அதையும் நான் பாத்தேன்.