கட்டண மீதிக் கடிதம்: அந்த 3,121 ரூபா எங்கே?

ஹட்டன் பக்கத்துத் தனியார் பாடசாலை ஒன்றின் கட்டண அலுவலகத்தில் மீதிக் கடிதம் எழுதுவது எங்கள் வேலை. "மீதி 15,096 ரூபா" என்று ஒரே வரியில் அனுப்பினால், மறுநாள் காலையில் தகப்பன் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்து நிற்பார். அதில் 11,975 என்று இருக்கும், வித்தியாசம் 3,121. இரண்டு கணக்கிலும் கூட்டல் பிழை கிடையாது. எந்த இடத்தில் பிரிகின்றன என்று சொல்லாதவரை அவர் திரும்பிப் போகமாட்டார்.

தரம் 8இல் படிக்கும் இளைய பிள்ளையின் முதலாம் தவணைக் கணக்கு இது. கற்பித்தல் கட்டணம் 36,000. வசதிக் கட்டணம் 4,000, பரீட்சைக் கட்டணம் 1,500. மொத்தம் 41,500. சகோதரர் சலுகை 10 வீதம், புலமைப்பரிசில் 25 வீதம். ஜனவரி 20ஆம் திகதி 15,000 கட்டியிருக்கிறார்கள்.

தகப்பன் என்ன செய்கிறார்? பத்தையும் இருபத்தைந்தையும் கூட்டி 35 வீதத்தை மொத்தத் தொகையில் கழிக்கிறார். வருவது 26,975, கட்டியது போக 11,975. யாராக இருந்தாலும் முதலில் அப்படித்தான் போட்டுப் பார்ப்பார்கள்.

எங்கள் விதியில் சலுகை இரண்டும் கற்பித்தல் கட்டணத்துக்கு மட்டுந்தான். அதிலும் சகோதரர் சலுகை முதலில் கழியும். புலமைப்பரிசில் மிஞ்சியதில்தான் கணிக்கப்படும். 36,000இல் 3,600 போக 32,400. அதில் 25 வீதம் 8,100 போக 24,300. மற்ற இரண்டு கட்டணமும் சேர்ந்தால் 29,800. கட்டிய 15,000 போக 14,800. வேறு பாடசாலையில் வரிசை மாறியிருக்கலாம், ஆகவே கட்டண விதித் தாளின் எந்தப் பந்தி என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

தாமதக் கட்டணத்தில்தான் பிழை அலுவலகத்தின் பக்கம் வரும். எங்கள் விதி, ஜனவரி 31இல் நிற்கும் மீதியில் 2 வீதம். ஆனால் புலமைப்பரிசில் தீர்மானம் பெப்ரவரி 3இல்தான் கைக்கு வந்தது. கணினி அதற்கு முன்பே, 8,100 கழியாத 22,900இல் 458 ரூபா போட்டுவிட்டது. புலமைப்பரிசில் தவணை ஆரம்பத்திலிருந்து செல்லுபடியாகிறபடியால் தாமதக் கட்டணமும் 14,800இல்தான் வரவேண்டும்: 296. கூடுதலாக விழுந்த 162 ரூபாவைக் கையால் நீக்கவேண்டும், கணினி தானாகத் திரும்பிப் பார்க்காது. சலுகைப் பதிவின் திகதி தாமதக் கட்டணப் பதிவுக்குப் பிந்தியதாக இருந்தால் இதே பிழை இருக்கிறதென்று சந்தேகப்படலாம்.

கடிதம் அச்சாக முன்னர் மூத்த பிள்ளையின் கணக்கையும் திறந்து பாருங்கள். வங்கி வைப்புச் சீட்டில் அண்ணனின் சேர்விலக்கத்தை எழுதிக் கட்டிவிட்டால் பணம் அங்கே மிகுதியாகக் கிடக்கும், தம்பி கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். சகோதரர் சலுகை உள்ள வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். அப்படியென்றால் பணத்தை மாற்றி, தாமதக் கட்டணத்தை முழுதாக நீக்கவேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு போன கடிதம்:

"மதிப்புக்குரிய ஐயா, வணக்கம். தரம் 8இல் கற்கும் தங்கள் மகனின் முதலாம் தவணை மீதி 15,096 ரூபா. தாங்கள் எதிர்பார்த்த 11,975க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 3,121. அதில் 1,925, வசதி, பரீட்சைக் கட்டணங்களுக்குச் சலுகை இல்லாததால் வருவது. 900, சகோதரர் சலுகை கழிந்த பின்னரே பாடசாலைப் புலமைப்பரிசில் கணிக்கப்படுவதால். மீதி 296, ஜனவரி 31இல் நின்ற 14,800க்கான 2 வீதத் தாமதக் கட்டணம். முன்னைய பற்றுச் சிட்டையில் இது 458 என்று இருந்தது எங்கள் பிழை. 162 ரூபா நீக்கப்பட்டுவிட்டது. பெப்ரவரி 12ஆம் திகதிக்குள் செலுத்தினால் மேலதிகக் கட்டணம் இல்லை. வைப்புச் சீட்டில் இளைய மகனின் சேர்விலக்கத்தை எழுதவும்."

வெறும் 'புலமைப்பரிசில்' என்றால் பலருக்குத் தரம் 5 பரீட்சைதான் நினைவுக்கு வரும். அதனால்தான் 'பாடசாலைப் புலமைப்பரிசில்'. 162 ரூபாவை மறைத்து எழுதினால் பழைய சிட்டையை எடுத்துக்கொண்டு வருவார், அப்போது மற்ற வரிகளையும் நம்பமாட்டார். பெப்ரவரி 12 என்று போட்டதற்குக் காரணம், தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டித்தான் கைக்கு வரும். 5ஆம் திகதி என்று கேட்டால் அடகுக் கடைக்குத்தான் போகவேண்டியிருக்கும்.