அம்மா வீட்டுச் சாமான் கணக்கு

மே 4, ஞாயிறு

இன்று கத்திரி தொடக்கம். காலை பத்து மணிக்கே சத்துவாச்சாரி வீட்டின் மாடி அறையில் நிற்க முடியவில்லை. அம்மா போன பிறகு, பங்கு பிரிக்கும் முன் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணி எழுத, நோட்டு, பேனா, ஒட்டுகிற சீட்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போனேன். தம்பி மனைவிதான் பீரோ சாவியைக் கொடுத்தாள். "நீங்களே திறங்க அண்ணி, நான் தொடலை" என்றாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆறு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டிவிட்டவள் பீரோவைத் தொடப் பயப்படுகிறாள். கூடவே நில், நான் எண்ணுகிறேன், நீ எழுது என்றேன். இனி எந்த அலமாரியையும் தனியாகத் திறப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

மே 5, திங்கள்

கூடத்துச் சாமான் மட்டும். 1 முதல் 19 வரை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண் சீட்டை வைத்து போட்டோ.

அம்மாவின் மூக்குத்தி எங்கே?

மே 6, செவ்வாய்

பாத்திரம். அண்ணன் போனில், "பித்தளைக்கெல்லாம் எதுக்கும்மா லிஸ்ட்டு, மொத்தமா ஒரு வரி போடு" என்கிறார். போட முடியாது. அண்டாவைத் திருப்பிப் பார்த்தால் விளிம்பின் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது. விரலால் தடவினால்தான் எழுத்து பிடிபடுகிறது. மூன்று எழுத்தும் 1974ம். அது அம்மா கல்யாணத்துக்குப் பெரிய மாமா வைத்த சீர். அதன் பக்கத்திலிருந்த தவலையில் எதிர்வீட்டுப் பாட்டி பெயர்! எப்போது வாங்கி வந்ததோ. அதைத் துடைத்து இன்றே திருப்பிக் கொடுத்தாயிற்று. இன்னும் இரண்டு குடத்திலும் ஒரு பெரிய தட்டிலும் தம்பி மனைவி பிறந்த வீட்டு எழுத்து. அவை லிஸ்டிலேயே வராது. மொத்தமாக ஒரு வரி போட்டிருந்தால் அவள் சீரையும் சேர்த்துப் பங்கு போட்டிருப்போம்.

அதனால் மாலையில் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அவளை உட்காரவைத்து, அவள் கொண்டுவந்தது, தம்பி சம்பளத்தில் வாங்கியது எல்லாவற்றையும் தனித் தாளில் எழுதினேன். கட்டில், மிக்ஸி, வாஷிங் மெஷின். அவள் கேட்காமல் நான் கேட்டு எழுதினேன்.

மே 8, வியாழன்

தங்கை ஆரணியிலிருந்து வந்தாள். சண்டை.

நான் எழுதியிருந்தது இது: "தங்கைக்கு அம்மா கொடுத்த வளையல் 2". அண்ணன் வாட்ஸப்பில் பார்த்துவிட்டு, கொடுத்ததற்கு யார் சாட்சி என்கிறார். தங்கை அழுகிறாள். நியாயமாகப் பார்த்தால் தப்பு என்னுடையதுதான். அம்மா கொடுத்ததை நான் பார்க்கவில்லை, தங்கை சொன்னதைத்தான் கேட்டேன், அதைக் கண்ணால் கண்டதுபோல எழுதிவிட்டேன். உட்கார்ந்து முழு லிஸ்டையும் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் பொருள், அதன் அடையாளம், இப்போது இருக்கும் இடம். அடுத்த பக்கம் யார் என்ன சொல்கிறார்கள். இப்போது அந்த வரி: "வளையல் 2, தங்கையிடம் இருக்கிறது. 2019ல் அம்மா தனக்கே கொடுத்துவிட்டதாகத் தங்கை சொல்கிறாள். அண்ணன் ஒப்பவில்லை." இருவருக்கும் படித்துக் காட்டினேன். இருவரும் சரி என்றார்கள். யாருக்குச் சேரும் என்பது எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டியது, நோட்டு பேசக் கூடாது.

விலையும் எழுதுவதில்லை. "பழசு", "உபயோகமில்லை" என்று எழுதியிருந்த நாலு இடத்தையும் அடித்துவிட்டேன். கைப்பிடி உடைந்திருந்தால் கைப்பிடி உடைந்தது என்று எழுதினால் போதும்.

மே 9, வெள்ளி

நகை. நானும் தங்கையும் லாங் பஜாரில் தெரிந்த கடைக்கு எடுத்துப்போய் நிறுத்தோம். இதை மட்டும் விவரமாக எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது கேட்பார்கள்.

பீரோவில் இருந்த நாலு வளையலும் சேர்த்து 32.160 கிராம். அட்டிகை 34.200. தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அக்கா, ரெண்டும் நாலு பவுன்தான், ஒருத்தருக்கு அது, ஒருத்தருக்கு இது" என்றாள். கடைக்காரர் அட்டிகையைக் கவிழ்த்துக் காட்டினார். பின்பக்கம் தகடு மூடியிருக்கிறது, உள்ளே அரக்கு, மேலே வரிசையாகச் சிவப்புக் கல். கல்லும் அரக்கும் பத்து கிராம் வரை போகும், பிரிக்காமல் சரியாகச் சொல்ல முடியாது என்றார். பத்து போனால் மிச்சம் 24, அதாவது மூன்று பவுன். வளையலில் அப்படி எதுவும் இல்லை, நாலும் நாலு. தராசு எண்ணை மட்டும் பார்த்துப் பிரித்திருந்தால் ஒருத்தி ஒரு பவுன் குறைவாக வாங்கிக்கொண்டு போயிருப்பாள், அதுவும் பல வருஷம் கழித்து விற்கப் போகும்போதுதான் தெரிந்திருக்கும்.

அட்டிகைக்கு நேரே "மொத்த எடை 34.200, கல், அரக்கு உட்பட, நிகர எடை தெரியாது" என்று எழுதினேன். ஹால்மார்க் முத்திரை எதிலும் இல்லை, அம்மா காலத்து நகை. அதையும் எழுதினேன். தரம் பார்க்க உரசட்டுமா என்று கேட்டார். எல்லாரும் ஒப்பாமல் வேண்டாம் என்றேன்.

மூக்குத்தி இல்லை.

மே 10, சனி

ஸ்கேனுக்கு முன்னால் கழற்றச் சொன்னார்கள். யார் கழற்றியது? நான்தானா? சின்ன பேப்பரில் மடித்த மாதிரி ஞாபகம் இருக்கிறது, மடித்தது யார் கை என்பது வரவே இல்லை. ராத்திரி முழுக்க இதுதான்.

மே 11, ஞாயிறு

இரண்டு பவுன் சங்கிலியைப் பற்றி அண்ணன் மூன்றாம் முறை கேட்டார். கேட்ட விதத்தில் தம்பி மனைவி பெயர் இல்லை, ஆனால் இருந்தது. லிஸ்டில் "காணவில்லை" என்று போடச் சொன்னார். "இருக்கும் இடம் இன்னும் தெரியவில்லை" என்றுதான் போட்டேன்.

மதியம் பழைய பஞ்சாங்கத்துக்குள் அடகு ரசீது! சங்கிலி ஒன்று, 16 கிராம், பிப்ரவரி தேதி, அம்மா கையெழுத்து. ரசீதைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அண்ணனிடமிருந்து பதில் இல்லை. மாலை ஆறு மணிக்குத் தம்பி மனைவிக்குப் போன் செய்திருக்கிறார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அவள் சமையலறையில் வெகுநேரம் இருந்தாள்.

கடன் என்று தனிப் பக்கம் தொடங்கினேன். அசல், வட்டி, மீட்க வேண்டிய தேதி. யார் பணம் கட்டி மீட்டாலும் அதையும் எழுத வேண்டும், மீட்டவருடைய சங்கிலி ஆகிவிடாது.

மே 12, திங்கள்

வக்கீல் சொன்னது. உயில் இல்லை, அப்பாவும் இல்லை, தம்பியும் இல்லை. 1956ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நாலு பங்கு. அண்ணன், நான், தங்கை, அப்புறம் தம்பியின் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தம்பியின் ஒரு பங்கு. அம்மா சொத்தில் தம்பி மனைவிக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. பேங்க் டெபாசிட்டில் அண்ணன் நாமினி, ஆனாலும் பணம் வாரிசுகளுக்குத்தான்.

ஆறு வருஷம் குளிப்பாட்டிவிட்டவள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதினேன்: "பேச வேண்டியது: தம்பி மனைவிக்கு நாம் விரும்பிக் கொடுப்பது என்ன." அண்ணன் அந்த வரியை அடித்தால் அடிக்கட்டும்.

மே 14, புதன்

ஞாயிறு எல்லாரும் வருகிறார்கள். 87 எண். நாலு நகல் எடுத்தாயிற்று. 64, மூக்குத்தி, இருக்கும் இடம் இன்னும் தெரியவில்லை.

மே 15, வியாழன்

தம்பி மகள் போன் செய்தாள். "அத்தை, லிஸ்டில 12, பாட்டி கண்ணாடி கூடோட ஒண்ணுன்னு இருக்கே. போட்டோல கூடு மூடியே இருக்கு. திறந்து பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன்.