ஐந்தரை மணி பஸ்

ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் பர்சனல் பிரிவில் இருந்தேன். லைன் சூப்பர்வைசர்களை உள்ளேயிருந்தே எடுக்க முடிவானபோது, தேர்வுத்தாள் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஒரு ஊழியர் என்ன செய்தார் என்று நாலு வரி இருக்கும். அது ஓ.சி.பி.யா, சி.டபிள்யூ.பி.யா என்று குறிக்க வேண்டும். கடமைக்கு மேலே தானாக முன்வந்து செய்வது முதலாவது, அதாவது ஆர்கனைசேஷனல் சிட்டிசன்ஷிப் பிஹேவியர். கம்பெனிக்கோ கூட வேலை செய்பவருக்கோ கெடுதல் வரும் என்று தெரிந்தே செய்வது இரண்டாவது, கவுன்டர்புரொடக்டிவ் வொர்க் பிஹேவியர். இரண்டே கட்டம்தான் வைத்தேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

மூன்றாவது கேள்வி இது: "நாளைக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். பக்கத்து மெஷின் ரிப்பேராகி அங்கே வேலை தேங்கிக் கிடக்கிறது. தன் டார்கெட்டை முடித்துவிட்ட தையல்காரர், ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்." விடை சி.டபிள்யூ.பி. என்று நானே எழுதி வைத்திருந்தேன். தையல் லைனில் இருந்து எழுதிய ஒரு அம்மா மட்டும் ஓரத்தில் தானே ஒரு கட்டம் போட்டு, "ரெண்டும் இல்ல" என்று எழுதியிருந்தார். பூஜ்யம் போட்டேன். ஒரு மார்க்கில் அவருக்கு வாய்ப்பு போனது. நேராக வந்து கேட்டார்.

"சார், ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் போயிடும். அதை விட்டா எங்க ஊருக்கு எட்டு மணிக்குத்தான் டவுன் பஸ். கொடுத்த பீஸை முடிச்சிட்டுக் கிளம்புறது எப்படி சார் குத்தமாகும்?"

பதில் சொல்ல முடியவில்லை. அன்று ராத்திரி பழைய பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நிர்வாகவியல் பேராசிரியர் டென்னிஸ் ஆர்கன் 1988-இல் ஓ.சி.பி.க்குச் சொன்ன விளக்கத்தில், அது ஊழியரின் சொந்த விருப்பம் என்பதுதான் மையம். செய்யாவிட்டால் பொதுவாகத் தண்டனை கிடையாது என்றும் அவரே சொல்கிறார். அப்படியானால் அதைச் செய்யாமல் போவது எப்படிக் குற்றமாகும்? நேரத்துக்கு வந்து, கொடுத்த வேலையை முடித்து, நேரத்துக்குப் போவது வெறும் கடமை. அதற்கென்று ஒரு மூன்றாவது கட்டம் தாளில் இருந்திருக்க வேண்டும். அந்த அம்மா வரைந்தது அதைத்தான். ஓவர்டைம் இருந்து முடித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டுச் சொல்லாமல் நழுவியிருந்தால் கதை வேறு.

ஓ.சி.பி.யையும் சி.டபிள்யூ.பி.யையும் ஒரே கோட்டின் இரு முனையாக நினைப்பது என் ஒருவனுடைய பிழை இல்லை. உளவியல் ஆய்வாளர் ரீஷாத் தலால் 2005-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டுக்கும் இடையிலான தொடர்பு எண் சுமார் −0.32 என்றுதான் வந்தது. ஒன்றுக்கொன்று நேர் எதிர் என்றால் −1-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும். ஊழியர் தன்னைப் பற்றித் தானே சொல்வதைவிட, மேலதிகாரி மதிப்பிடும்போது அந்த எதிர்ப்பு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. காரணம் என்று எனக்குப் படுவது இதுதான்: ‘நல்லவன்’ என்று மனசில் பதிந்த ஆளிடம் நமக்குக் கெட்டது தெரிவதில்லை.

அப்புறம் மற்ற கேள்விகளையும் திருப்பிப் பார்த்தேன். கட்டிங் பிரிவைப் பற்றி ஒன்று இருந்தது. தோல் எந்தப் பக்கம் இழுபடும், வெட்டும் அச்சான டையை எப்படித் திருப்பி வைக்க வேண்டும் என்று புதுப் பையனுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்கிற சீனியர், தான் கெடுத்த பீஸ்களைக் கணக்கில் வராமல் கழிவுத் துண்டுகளுக்கு அடியில் போட்டு மூடுகிறார். இவர் எந்த வகை ஊழியர் என்று கேட்டிருந்தேன். கேள்வியே தவறு. கற்றுக்கொடுத்தது ஓ.சி.பி. கைதவறி பீஸ் கெட்டது இரண்டிலும் சேராது, அது பிழை. தெரிந்தே மறைத்ததுதான் சி.டபிள்யூ.பி. ஒரே ஆள், ஒரே நாள், மூன்று விடை. கட்டம் போட வேண்டியது செயலுக்கு.

அதிகம் பேர் சறுக்கியது வருகை அட்டைக் கேள்வியில். தாமதமாக வரும் நண்பனுக்காக இன்னொருவர் அட்டை பஞ்ச் செய்கிறார். உதவிதானே என்று பாதிப் பேர் ஓ.சி.பி. போட்டிருந்தார்கள். ராபின்சன், பென்னெட் என்ற இரு ஆய்வாளர்கள் 1995-இல் வேலையிட விதிமீறல்களை வகைப்படுத்தியபோது, பாதிப்பு ஆட்கள் மேல் விழுகிறதா, நிறுவனத்தின் மேல் விழுகிறதா என்று பிரித்தார்கள். அந்தக் கணக்கில் இது நிறுவனத்தின் மேல் விழுவது. நண்பன் மேல் இருக்கும் பாசம் நிஜம். ஆனால் வராத நேரத்துக்குக் கூலி போகும் என்று தெரிந்தேதான் கை அட்டையை எடுக்கிறது.

மூன்று கட்டம் வைத்து எல்லாத் தாளையும் திரும்பத் திருத்தினேன். அந்த அம்மா தேறிவிட்டார். மூன்றாவது கேள்வியை எடுத்துவிடச் சொன்னார் மேனேஜர். "இதுக்குக் கடமைன்னு விடை போட்டா, நாளைக்கு எவனும் நிக்க மாட்டானேப்பா" என்றார்.

"கேள்வி இருக்கட்டும் சார். ஏழரைக்கு ஒரு பஸ் விட்டுப் பாருங்க. எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு அப்ப தெரியும்" என்றேன்.