ஐந்நூறாவது யூனிட்: மண்டபத்து வீட்டின் கட்டணக் குறிப்புகள்

12 ஜூன் 2025, வியாழன்

இன்று மின்சாரக் கணக்கெடுப்பு நடந்தது. ஏப்ரல் முதல் இன்று வரை 560 யூனிட் ஓடியிருக்கிறது. கட்டணம் 2,544 ரூபாய். மாதந்தோறும் தானாகக் கழியும் செலவுகளையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று நானும் கணவரும் பேசிக்கொண்டிருந்ததால், இந்த பில்லிலிருந்தே தொடங்கினேன். அத்தைக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மண்டபம் ஊரின் கடற்கரைப் புழுக்கத்தில் விசிறியையோ இரவு ஏசியையோ நிறுத்தச் சொல்ல முடியாது. ஆகவே வசதியில் கைவைக்காமல் எங்கே குறைக்கலாம் என்பதுதான் கேள்வி.

2024 ஜூலை முதல் உள்ள கட்டண அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டேன். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால், முதல் 100 இலவசம். அடுத்த 100 யூனிட் ஒவ்வொன்றும் 2.35 ரூபாய், அதன்பின் 400 வரை 4.70, 500 வரை 6.30. இதன்படி 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால், 101 முதல் 200 வரைக்கான 2.35 என்ற சலுகை விலை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 ஆகிவிடுகிறது, அந்த 501ஆவது யூனிட்டின் விலையும் 8.40. கட்டணம் 2,048 ரூபாய்க்குத் தாவுகிறது. ஒற்றை யூனிட்டின் உண்மையான விலை 243 ரூபாய்! எங்கள் 560இல் முதல் 60 யூனிட்டைக் குறைத்தால் 739 ரூபாய் மிச்சம். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு யூனிட்டும் தருவது 6.30 மட்டுமே. எனவே இலக்கு 500தான். அதற்குக் கீழே போக மெனக்கெடுவது வீண்.

15 ஜூன், ஞாயிறு

எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று ஊகிக்காமல் மீட்டரையே கேட்டுப் பார்த்தோம். எங்கள் மீட்டரின் முகப்பில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருக்கிறது. அதிலுள்ள சிறிய சிவப்பு விளக்கு 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட் என்பது அதன் பொருள். முதலில் ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தினோம். விளக்கு மின்னவில்லை, ஆகவே எங்கும் கசிவு இல்லை. (எல்லாம் நின்ற பிறகும் மின்னிக்கொண்டே இருந்தால் வயரிங்கைப் பார்க்க ஆள் கூப்பிட வேண்டும், உப்புக்காற்றில் சுவிட்ச் பெட்டிகள் அரித்துப்போகும் ஊர் இது.) பிறகு கூடத்து விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு, ஐந்து நிமிடம் எண்ணினோம்: 20 முறை. மணிக்கு 240 முறை, அதாவது 75 வாட்.

கூடத்திலும் அத்தையின் அறையிலும் விசிறி நாளுக்குச் சுமார் 14 மணி நேரம் ஓடுகிறது. இரண்டும் சேர்ந்து நாளுக்கு 2.1 யூனிட், இரண்டு மாதத்தில் 126 யூனிட். யார் கேட்டாலும் ஏசியைத்தான் கைகாட்டுவார்கள். விசிறியை எவரும் சந்தேகிப்பதில்லை.

22 ஜூன், ஞாயிறு

எலக்ட்ரீஷியன் தம்பி வந்து அவ்விரு இடங்களிலும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டிவிட்டுப் போனார். இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 6,000 ரூபாய். “அக்கா, பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிடுகிறேன், இதற்கு ரிமோட்தான்” என்றார். மறுபடியும் ஐந்து நிமிடம் எண்ணினேன். 7 முறை மின்னி, எட்டாவதற்குக் காத்திருக்கும்போதே நேரம் முடிந்தது. 28 வாட்டுக்கு அது சரியாக வருகிறது. காற்றில் குறை இல்லை என்று அத்தை சொன்னதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதத்தில் கிட்டத்தட்ட 79 யூனிட் குறைய வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் விசிறியும் ஏசியும் குறைந்து, பயன்பாடு தானாகவே 500க்குள் வந்துவிடும்; அப்போது இந்த விசிறிகள் மிச்சப்படுத்தும் தொகை சிறியதாகவே இருக்கும். போட்ட பணம் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அதே கையோடு ஏசியின் வெளிப்புறப் பெட்டியையும் பார்த்தார். கடல் பக்கம் நோக்கியிருப்பதால் அலுமினியத் தகடுகளில் உப்பு படிந்திருந்தது. உப்பு அடைத்தால் வெப்பம் வெளியேறாமல், அதே குளிர்ச்சிக்குக் கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, மெல்லிய தண்ணீர் வீச்சில் கழுவினோம். இங்கே ஒரு எச்சரிக்கை: போர் தண்ணீரால் கழுவக் கூடாது. எங்கள் போர் தண்ணீரே உவர்ப்பு. காய்ந்ததும் மீண்டும் உப்புத்தான் ஒட்டும். விலைக்கு வாங்கும் நல்ல தண்ணீரில் இரண்டு குடம் போதுமானதாக இருந்தது.

29 ஜூன், ஞாயிறு

இன்று தொலைபேசிக் கணக்கு. அத்தையிடம் இருப்பது பட்டன் போன். அதற்கு 28 நாளுக்கு 299 ரூபாய், தினம் 1 ஜி.பி. டேட்டாவுடன் ரீசார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. 28 நாள் என்றால் ஆண்டுக்கு 12 அல்ல, 13 ரீசார்ஜ், 3,887 ரூபாய். டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டும் கொண்ட திட்டங்களைத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்தபின் வந்த திட்டம் ஒன்று, 365 நாளுக்கு 1,849 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வித்தியாசம் 2,038 ரூபாய். அத்தை பேசுவது ஒரு நிமிடம்கூடக் குறையாது, ஓடிபியும் வழக்கம்போல் வரும். அவர் வீடியோ அழைப்புக்கு மாறினால்தான் இது உதவாது.

ஆனால் பழைய ரீசார்ஜ் யு.பி.ஐ. ஆட்டோபேயில் இருந்தது. செயலியை அழித்தால் அந்த அனுமதி அழியாது. யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பகுதியில், நடப்பில் உள்ளவற்றின் பட்டியலைத் திறந்து ரத்து செய்தேன். பட்டியலில் மகன் எப்போதோ தேர்வுக்காகச் சேர்ந்த ஒரு படிப்புச் செயலியும் இருந்தது. அதற்கும் முடிவு கட்டினேன்.

13 ஜூலை, ஞாயிறு

பாதிக் கணக்கு: 31 நாளில் 249 யூனிட். நாளுக்கு 8 யூனிட் என்று வைத்தால் 60 நாளில் 480ஐ ஒட்டி வரும். நாள் தவறாமல் கணக்கெடுத்தால் கவலை இல்லை. மழையோ விடுமுறையோ வந்து மூன்று நாள் தள்ளிப்போனால் 24 யூனிட் கூடி எல்லையைத் தாண்டிவிடும். நாள்காட்டியில் ஆகஸ்ட் 11ஐ வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

ஜூன் 12 முதல் இதுவரை மீட்டரில் 443 யூனிட். இந்த வாரம் துணி தேய்ப்பதைத் தள்ளிவைக்கலாம் என்று கணவர் சொன்னார். தேவையில்லை என்றேன், கணக்கெடுப்பு ஒரு நாள் தாமதித்தாலும் 500க்குள்தான் இருக்கும். அதற்குமேல் தாமதித்தால் மட்டும் அயர்ன் பெட்டியை ஓரங்கட்டலாம்.

11 ஆகஸ்ட், திங்கள்

காலையிலேயே ரீடிங் எடுத்துவிட்டார்கள்: 488 யூனிட், 1,729 ரூபாய். ஜூன் பில்லைவிட 815 ரூபாய் குறைவு. அடுத்த கணக்கு அக்டோபரில். அதற்குமுன் ஏசிப் பெட்டியை ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கேபிள் டிவி கட்டணத்தைப் பார்த்தேன். அத்தை பார்க்கும் சேனல்கள் அனைத்தும் அடிப்படைத் தொகுப்பிலேயே இருப்பதால் அதில் மாற்ற ஒன்றும் இல்லை.