பகுதிநேர ஊழியர்களை முழுநேரக் கணக்கில் கொண்டுவருவது: தாளில் உட்கார்ந்து போடும்போது எங்கே பிசகுகிறது

எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டால் தலைகளை எண்ணிச் சொல்லிவிடலாம். எத்தனை முழுநேர ஊழியர்களின் வேலை நடக்கிறது என்று கேட்டால் மணிநேரத்தை எண்ண வேண்டும். பட்ஜெட்டிலும் ஆள் ஒதுக்கீட்டிலும் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான். எஃப்.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்வது இதையே. சூத்திரம் ஒரு வகுத்தல் மட்டுமே: ஒருவர் வாரத்தில் வேலை செய்யும் மணிநேரத்தை, முழுநேர ஊழியருக்கான வார மணிநேரத்தால் வகுக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மணிநேரம் மாறும் இடத்தில் சிக்கல் வகுப்பதில் வருவதில்லை. எதை எதால் வகுக்கிறோம் என்பதில்தான் வருகிறது.

ஒரு காலாண்டை, அதாவது 13 வாரங்களை, எடுத்துக்கொள்வோம். முழுநேரம் என்றால் வாரத்துக்கு 40 மணி. முழுநேர ஊழியர்கள் 6 பேர். பகுதிநேரத்தில் 5 பேர்: கல்லாவில் இருப்பவர் 20 மணி, கிடங்கில் இருப்பவர் 24, டெலிவரி பார்ப்பவர் 16, கணக்குப் பிரிவில் இருப்பவர் 30. ஐந்தாமவர் ஷிப்ட் மாறி மாறி வருபவர்; ஒரு வாரம் 12 மணி, அடுத்த வாரம் 28 மணி.

முதலில் இந்த ஐந்தாமவரைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கையில் கிடைத்த ஏதோ ஒரு வாரத்தின் ஷிப்ட் அட்டவணையை வைத்துப் போட்டால், அவர் 0.30 ஆகவும் வருவார், 0.70 ஆகவும் வருவார். சுழற்சி இரண்டு வாரம் என்றால் சராசரியும் முழுச் சுழற்சிக்குத்தான் எடுக்க வேண்டும்: 20 மணி, அதாவது 0.50. மற்ற நால்வரும் முறையே 0.50, 0.60, 0.40, 0.75. ஐவரும் சேர்ந்து 2.75. முழுநேரக்காரர்களைச் சேர்த்தால் 8.75. தலைக்கணக்கு 11.

இங்கே ஒவ்வொருவரையும் தனித்தனியாக முழு எண்ணாக்கும் பழக்கம் பெரிய பிழையில் கொண்டுபோய் விடும். 0.50, 0.60, 0.75 எல்லாம் 1 ஆகிவிடும், 0.40 மட்டும் 0 ஆகும்; 2.75 வர வேண்டிய இடத்தில் 4 வந்து நிற்கும். தசமத்தைக் கடைசி வரை அப்படியே கொண்டுபோய், மொத்தத்தை மட்டும் ஒருமுறை முழுமையாக்குங்கள். எக்செல்லில் கட்டத்தின் தோற்றத்தை ஓரிலக்கமாக மாற்றினால் உள்ளே இருக்கும் மதிப்பு மாறாது. ஆனால் திரையில் தெரிவதைப் பார்த்து யாராவது கையால் கூட்டினால் 2.8 வரும், பக்கத்தில் மொத்தம் 2.75 என்று இருக்கும், ஒத்துப்போகவில்லையே என்று கேள்வி வரும். அதனால் ஆள்வாரி எண்களை இரண்டு தசமத்துடன் காட்டுவதே நல்லது.

அடுத்தது இடையில் சேர்ந்தவர். காலாண்டின் கடைசி 5 வாரங்களுக்கு மட்டும், வாரம் 26 மணிக்கு ஒருவர் வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய நிலவரப்படி அவர் 26/40, அதாவது 0.65. காலாண்டு முழுவதற்குமான கணக்கில் அவர் உழைத்தது 130 மணி, முழுநேரக்காரர் ஒருவருக்கு 13 வாரத்துக்கு 520 மணி, ஆக 0.25. மொத்தம் ஒரு கணக்கில் 9.40, இன்னொன்றில் 9.00. இரண்டுமே சரி, ஆனால் வெவ்வேறு கேள்விக்கான பதில்கள். அடுத்த மாத ஆள்பலத்தைத் திட்டமிட முதலாவது வேண்டும். முடிந்த காலாண்டின் சம்பளச் செலவோடு ஒப்பிட இரண்டாவது வேண்டும். எங்கள் அனுபவத்தில், இரண்டு பிரிவுகள் இரண்டு எண்ணைக் கொண்டுவந்து வாதிடும்போது பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஷீட்டில் B நெடுவரிசையில் வார மணிநேரம், C-யில் அந்தப் பணிக்கான முழுநேர வார மணிநேரம், D-யில் காலாண்டில் வேலை செய்த வாரங்கள் என்று வைத்தால் சூத்திரம் இது:

```
=MIN(B2,C2)/C2*D2/13
```

MIN உள்ளே இருப்பது ஓவர்டைமுக்காக. முழுநேரக்காரர் ஒருவர் 50 மணி வேலை பார்த்தாலும் அவர் 1.00-ஐத் தாண்டக் கூடாது என்பது பரவலான நடைமுறை. உச்சவரம்பை வார அளவில் போட வேண்டும், கடைசி விடையில் போடக் கூடாது. 5 வாரம் மட்டும் 48 மணி வீதம் பார்த்தவருக்கு 240/520, சுமார் 0.46 வரும். அது 1-க்குக் கீழே இருப்பதால் கடைசியில் போட்ட வரம்பு அவரைத் தொடவே தொடாது. வாரத்துக்கு 40 என்று நிறுத்தினால் 200/520, அதாவது 0.38. வாரத்துக்கு வாரம் மணிநேரம் மாறுபவருக்கு, ஒவ்வொரு வாரத்துக்கும் வரம்பைப் போட்ட பிறகே சராசரியை B-யில் எழுத வேண்டும்.

C நெடுவரிசையை ஏன் ஆளுக்கு ஆள் வைக்க வேண்டும்? எல்லாப் பிரிவிலும் முழுநேரம் 40 மணியாக இருக்காது. கணக்குப் பிரிவில் அது 37.5 மணி என்றால், 30 மணி பார்ப்பவர் 0.75 அல்ல, 0.80. எல்லார் மணிநேரத்தையும் கூட்டி ஒரே எண்ணால் வகுக்கும் குறுக்குவழி, அளவுகோல் ஒன்றாக இருக்கும் இடத்தில் மட்டுமே செல்லும்.

மணிநேரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். ஷிப்ட் அட்டவணை உணவு இடைவேளையையும் சேர்த்தே காட்டும். ஒரு நாளைக்கு 9 மணி, அதில் சம்பளமில்லாத இடைவேளை 1 மணி. கிடங்கு ஊழியர் மூன்று நாள் வருகிறார். அட்டவணையில் 27 மணி. அதை 40-ஆல் வகுத்தால் 0.675. உண்மையில் 24 மணிதான், 0.60. மேலே இடைவேளையோடும் கீழே இடைவேளை இல்லாமலும் எடுத்ததால் வந்த வித்தியாசம் இது.

மாதச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்தால் வேறொரு பிசகு. மாதத்துக்கு 4 வாரம் என்று எடுத்து 160-ஆல் வகுப்பார்கள். 40 மணியை 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் வருவது 173.33. வாரம் 20 மணி பார்ப்பவரின் சராசரி மாத மணிநேரம் 86.67, 160-ஆல் வகுத்தால் 0.54, 173.33-ஆல் வகுத்தால் 0.50. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஓவர்டைம் பார்க்காத ஒரு முழுநேர ஊழியரை, உச்சவரம்பு இல்லாமல், அதே மூலத்திலிருந்து அதே சூத்திரத்தில் ஓட்டிப் பாருங்கள். சராசரியாக 1.00 வர வேண்டும். 1.08 வந்தால் 160 உள்ளே புகுந்திருக்கிறது, 1.13 வந்தால் இடைவேளை சேர்ந்திருக்கிறது. இந்தச் சோதனை வரியை ஷீட்டின் மேலேயே நிரந்தரமாக வைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

கடைசியாக, ஒப்பந்த மணியா, உண்மையில் பார்த்த மணியா என்ற கேள்வி. டெலிவரி ஊழியரின் ஒப்பந்தம் 16 மணி; ஆனால் 13 வாரத்தில் 273 மணி பார்த்திருக்கிறார், அதாவது வாரத்துக்கு 21. ஒப்பந்தப்படி 0.40, உழைப்புப்படி 0.525. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களைக் கணக்கிட ஒப்பந்த மணி. நடந்த வேலையையும் செலவையும் பார்க்க சம்பளம் கொடுத்த மணி. சம்பளத்துடன் கூடிய விடுப்பு இரண்டாவதில் சேரும், சம்பளமில்லா விடுப்பு சேராது. இந்த இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்தால், தொடர்ந்து 0.10-க்கு மேல் விலகி நிற்பவர்கள் தாமாகவே கண்ணில் படுவார்கள். அவர்களின் ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டுமா, அல்லது அந்த இடத்துக்கு இன்னொரு பகுதிநேர ஆளை எடுக்க வேண்டுமா என்பதை அந்த நெடுவரிசையைப் பார்த்தே பேசலாம்.