பணம் வந்துவிட்டதா? கடைக்காரர் பார்க்க வேண்டிய 12 இலக்க எண்

சாயங்காலம் ஏழு மணி. மளிகைக் கடை முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். ஒருவர் ஃபோனைத் திருப்பிக் காட்டி, "அண்ணாச்சி, போட்டாச்சு" என்கிறார். பச்சை டிக் இருக்கிறது, 640 ரூபாய் இருக்கிறது, கடைப் பெயரும் சரியாக இருக்கிறது. பையை எடுத்துக் கொடுத்துவிடத்தான் கை போகும்.

அதே திரையைப் போலி ஆப்பும் காட்டும். பெயரையும் தொகையையும் தட்டினால் டிக், சத்தம், தேதி, நேரம் எல்லாம் அசல் போலவே வந்துவிடும். அதனால் வாடிக்கையாளர் ஃபோனை உற்றுப் பார்த்து அசலா போலியா என்று கண்டுபிடிக்கப் பழகுவது வீண் வேலை. நல்ல வாடிக்கையாளர் மனம் நோவதுதான் மிச்சம். நம் பக்கம் பணம் வந்ததா என்று நம் கருவியில் பார்ப்பதே போதும்.

நம் பக்கம் மூன்று சாட்சிகள் உண்டு: சவுண்ட் பாக்ஸ், வியாபாரிக்கான ஆப், வங்கியின் எஸ்எம்எஸ். மூன்றில் எஸ்எம்எஸ்ஸைக் கடைசியில் வையுங்கள். அது தாமதமாக வரும். "உங்கள் கணக்கில் வரவு" என்று யார் வேண்டுமானாலும் சாதாரண எண்ணிலிருந்து அனுப்பவும் முடியும். பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வரும் வரவுச் செய்தியைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம்.

சவுண்ட் பாக்ஸ் நம்பகமானது, ஆனால் அதற்குள்ளும் ஒரு சிம் கார்டுதான் இருக்கிறது. சிக்னல் குறைந்தால் அறிவிப்பு பிந்தி வரும். நெரிசலில் இதனால் ஒரு குழப்பம் நேரும். இரண்டு பேர் ஆளுக்கு 100 ரூபாய் போட்டதாகச் சொல்கிறார்கள், பெட்டி ஒரு முறை "நூறு ரூபாய்" என்கிறது. அது யாருடைய நூறு? பெரும்பாலும் இருவருமே போய்விடுவார்கள், கணக்கு ராத்திரிதான் இடிக்கும்.

எந்த எண்ணைக் கேட்பது

ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. சில ஆப்பில் யுடிஆர் என்றும், சிலவற்றில் யுபிஐ டிரான்சாக்‌ஷன் ஐடி என்றும், வங்கி ஸ்டேட்மெண்டில் ஆர்ஆர்என் என்றும் இருக்கும். அனுப்பியவர் ஃபோனிலும் நம் ஆப்பிலும் இது ஒன்றாகவே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் "கடைசி நாலு நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு, நம் ஆப்பில் இருப்பதோடு ஒத்துப் பாருங்கள். பத்து நொடி வேலை. எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான இன்னொரு எண்ணும் அவர் திரையில் இருக்கலாம். அது அந்த ஆப் தனக்காகப் போட்டுக்கொண்ட எண். நம் வங்கியில் அதை வைத்து எதையும் தேட முடியாது.

ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகும் பில்லிலாவது இந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பில் நகலில் எழுதி வையுங்கள். இந்தச் சின்னப் பழக்கம் எதற்கு உதவும் என்பது கீழே வருகிறது.

டிக் நிஜம், பெட்டி மௌனம்

வாடிக்கையாளர் உண்மையிலேயே பணம் அனுப்பியும் நமக்கு வராமல் போவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பரிமாற்றம் நடுவில் தொங்குவது. இன்னொன்று, நம் கியூஆர் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருப்பது.

கியூஆர் கட்டத்துக்குள் இருப்பது இந்த மாதிரி ஒரு வரிதான்:

```
upi://pay?pa=kadai123@bank&pn=ABC%20Stores&cu=INR
```

பணம் எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது `pa`. `pn` வெறும் எழுத்து. அச்சடிப்பவர் அதில் உங்கள் கடைப் பெயரையே போட்டுக்கொள்ளலாம், அட்டையின் மேலேயும் அதையே அச்சடிக்கலாம். ஆகவே அட்டையில் உள்ள பெயர் எதற்கும் அத்தாட்சி இல்லை. ஸ்கேன் செய்த பிறகு ஆப் காட்டும் வங்கிப் பதிவுப் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

காலையில் கடை திறந்ததும் வீட்டில் ஒருவர் ஃபோனிலிருந்து, கடையில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கியூஆருக்கும் ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள். திரையில் வரும் பெயர் நம்முடையதா, பெட்டி சத்தம் போடுகிறதா? இரண்டும் சரியென்றால் அன்றைக்கு அது சுத்தம். வெளிச்சுவரில் ஒட்டும் கியூஆரைவிடக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டியது பாதுகாப்பு. மேசையில் நிற்கும் அட்டையை ராத்திரி உள்ளே எடுத்து வைத்துவிடலாம். நம் யுபிஐ ஐடியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லாவில் ஒட்டி வையுங்கள். பெட்டி பேசாதபோது வாடிக்கையாளர் ஃபோனில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்து, பெறுநர் ஐடி அந்தச் சீட்டில் உள்ளதுதானா என்று பார்த்தால் எந்தக் காரணம் என்பது தெரிந்துவிடும்.

ஐடி வேறாக இருந்தால் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொண்டு கிழித்துவிடுங்கள். பிறகு பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணோடு, சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் கழிந்தது வாடிக்கையாளர் கணக்கிலிருந்து என்பதால் புகாரை அவர் கொடுப்பதே சரி. அவரிடம் சண்டைக்குப் போகாமல், கூட உட்கார வைத்து அழையுங்கள். நேரம் போகப் போக அந்தப் பணம் வேறு கணக்குகளுக்கு நகர்ந்துவிடும்.

ஐடி நம்முடையதாகவே இருந்து, அவர் கணக்கில் கழிந்து, நமக்கு வரவில்லை என்றால் அது தொங்கும் பரிமாற்றம். ரிசர்வ் வங்கி 2019-இல் போட்ட விதிப்படி, கடைக்கு உறுதியாகாத தொகை ஐந்து நாளுக்குள் அனுப்பியவருக்குத் தானாகத் திரும்ப வேண்டும். பிந்தினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. தெரிந்த முகமென்றால் எண்ணைக் குறித்துக்கொண்டு பற்றில் எழுதிக் கொடுக்கலாம். தெரியாதவரிடம் ரொக்கம் கேளுங்கள். பிறகு அந்தத் தொகையும் நமக்கு வந்து சேர்ந்தால், வியாபாரி ஆப்பில் அதே பரிமாற்றத்தைத் திறந்து ரீஃபண்ட் கொடுங்கள். புதிதாக யாருடைய எண்ணுக்கோ அனுப்ப வேண்டாம்.

பின் நம்பர் பற்றி ஒரே வரி: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் எப்போதும் தேவையில்லை. "ஆர்டருக்கு அட்வான்ஸ் அனுப்பியிருக்கேன், பின் போட்டு ஏத்துக்குங்க" என்றால் போவது உங்கள் பணம்.

வந்த பணமே வம்பாவது

அண்மைக் காலத்தில் சிறு கடைகளை அதிகம் வாட்டுவது போலி ஸ்கிரீன்ஷாட்டைவிட இதுதான் என்பது எங்கள் எண்ணம். எங்கோ வேறு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் மூன்று நான்கு கணக்குகளில் புரண்டு, ஒருவன் அதில் 2,350 ரூபாய்க்கு உங்கள் கடையில் ஹெட்செட்டும் பவர் பேங்கும் வாங்குகிறான். ஏமாந்தவர் 1930-இல் புகார் செய்ததும், அந்தப் பணம் போன வழியில் உள்ள கணக்குகளை நிறுத்தச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போகும். அந்த வழியில் நீங்களும் இருக்கிறீர்கள்.

இதைத் தேடிப்போய் வாங்குவதும் உண்டு. "5,000 ஜிபே பண்றேன், ரொக்கமா குடுங்க, 50 எடுத்துக்குங்க" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் மறுத்துவிடுங்கள். பொருள் விற்றதற்குப் பில் இருக்கும், ரொக்கம் கொடுத்ததற்கு எதைக் காட்டுவீர்கள்? "தவறி உங்களுக்குப் பணம் வந்துடுச்சு, இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்பதும் இதே வகைதான். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு, வங்கி வழியாக மட்டுமே திரும்பப் போக வேண்டும்.

கணக்கு நின்றது எப்படித் தெரியவரும்? பெரும்பாலும் மொத்த வியாபாரிக்குப் பணம் அனுப்பும்போதுதான். கணக்கில் 92,400 இருக்கிறது, பரிமாற்றம் மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு விழுந்துகொண்டிருக்கும், எடுக்கத்தான் முடியாது.

கிளைக்குப் போய் வாய்வார்த்தையாகப் பேசிவிட்டு வராதீர்கள். எழுத்தில் நான்கு விவரங்களைக் கேளுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், சம்பந்தப்பட்ட பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணும் தொகையும், நிறுத்தியது முழுக் கணக்கையா அந்தத் தொகையை மட்டுமா. கடைசிக் கேள்வி முக்கியம். தொகையை மட்டும் பிடித்து வைத்தால் 2,350 போக மீதி 90,050-ஐ நீங்கள் புழங்கலாம். முழுக் கணக்கையும் நிறுத்தினால் கடையே நின்றுவிடும்.

எண் கிடைத்ததும் பில்லைத் தேடுங்கள். முன்னே எழுதி வைத்த நான்கு இலக்கம் இங்கேதான் கை கொடுக்கும். ஒரு சிக்கல் உண்டு. வியாபாரி கியூஆரில் நாள் முழுக்க வந்த பணத்தை நிறுவனம் மொத்தமாகச் சேர்த்து ஒரே வரவாக வங்கியில் போடலாம். அப்படியானால் வங்கி ஸ்டேட்மெண்டில் 2,350 தனியாகத் தெரியாது. வியாபாரி ஆப்பில் செட்டில்மெண்ட் அறிக்கை என்று ஒன்று இருக்கும், தனித்தனி எண்கள் அதில்தான் இருக்கும். மாதா மாதம் அதைப் பதிவிறக்கி மெயிலில் போட்டு வையுங்கள். ஆப் மாற்றினாலும் ஃபோன் தொலைந்தாலும் அது இருக்கும்.

பில் நகல், அந்தச் சரக்கை நீங்கள் வாங்கிய கொள்முதல் பில், செட்டில்மெண்ட் அறிக்கை, கடை உரிமம் அல்லது ஜிஎஸ்டி பதிவு, இவற்றோடு ஒரு பக்கக் கடிதம் எழுதி, வங்கி சொன்ன காவல் அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். நகல் வங்கிக் கிளைக்கும் போகட்டும். கடிதத்தில் இரண்டே கோரிக்கை: இது பொருள் விற்ற பணம் என்பதைப் பதிவு செய்ய வேண்டும், நிறுத்தத்தை 2,350 ரூபாயோடு சுருக்க வேண்டும். கேமரா இருந்தால் அந்த நாள் பதிவை உடனே தனியாக எடுங்கள். ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழையது தானாக அழிந்துவிடும், சின்னக் கடைகளில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நிற்பது அரிது.

இந்த நேரம் பார்த்து "பணத்தைப் போடுங்க, கணக்கைத் திறந்துவிடறோம்" என்று அழைப்பு வரலாம். போலீஸ் என்பார்கள், வக்கீல் என்பார்கள், புகார் கொடுத்தவரே பேசுவதாகவும் சொல்வார்கள். யாருடைய தனிப்பட்ட யுபிஐக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

வங்கி 30 நாள் பதில் தரவில்லை என்றால் `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். ஆனால் அது வங்கியின் மெத்தனத்துக்குத்தான் மருந்து. காவல்துறை சொல்லி நிறுத்தியதை அவர் நீக்க மாட்டார். அதற்கு அந்தக் காவல் நிலையம், இல்லையென்றால் நீதிமன்றம். சந்தேகத் தொகை எவ்வளவோ அதைத் தாண்டி முழுக் கணக்கையும் முடக்குவதை உயர் நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏற்கவில்லை, சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் அப்படித்தான் சொன்னது. வக்கீல் செலவுக்கு முன் இதைக் கடிதத்தில் குறிப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை கடை ஓட வேண்டுமே. கடை வரவுக்கு ஒரு வங்கி, வீட்டுச் செலவு, கடன் தவணை, சீட்டுப் பணத்துக்கு வேறு வங்கி என்று முன்பே பிரித்து வைத்திருந்தால்தான் அது நடக்கும். ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்தால் சில நேரம் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும்.