பெயரைச் சொல்லாமல் படம் கேட்பது

வடிவமைப்பு அலுவலகத்துக்கு வரும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் "இந்த மாதிரி" என்று போனை நீட்டித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். கோவையில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனை ஒன்றுக்குச் சுவர்ப்படங்கள் செய்தபோதும் அப்படித்தான். டாக்டரம்மா காட்டியது எல்லா வீட்டுக் குழந்தைகளும் டிவியில் பார்க்கிற அந்த ஜப்பானிய நீலப் பூனை. "இது பல் தேய்க்கிற மாதிரி வேணும் தம்பி" என்றார்.

படத்தை ஏஐ கருவியில் உருவாக்கி, பிறகு கையால் திருத்தி அச்சுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். கருவிக்கு எழுதிக் கொடுக்கிற வர்ணனையான ப்ராம்ப்டில் அந்தப் பூனையின் பெயரைப் போடக் கூடாது என்பது எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரியும். பல கருவிகள் பெயரைக் கண்டதும் மறுத்துவிடும். மறுக்காத கருவி அதே பூனையை அச்சு அசலாகத் தந்துவிடும். அதைச் சுவரில் ஒட்டினால் பிரச்சினை மருத்துவமனைக்கும் எங்களுக்கும் சேர்ந்தே வரும். சரி, பெயரை விட்டுவிட்டு வர்ணித்தால் போதுமே என்று எங்கள் ஜூனியர் பையன் எழுதினான்: காது இல்லாத உருண்டைத் தலை, நீல உடம்பு, வெள்ளை முகம், வயிற்றில் பை, சிவப்புக் கழுத்துப் பட்டை, அதில் மஞ்சள் மணி. வந்து நின்றது அதே பூனை!

வராமல் என்ன செய்யும்? அந்த ஆறு அடையாளங்களும் சேர்ந்து இருக்கிற உருவம் உலகத்தில் ஒன்றுதான். பெயருக்குப் பதில் விலாசத்தை எழுதிக் கொடுத்தால் வீடு மாறிவிடாது. "அந்தப் பூனை வேண்டாம்" என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். பல கருவிகளில் 'வேண்டாம்' கரைந்து போய், பெயர் மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது.

கார்ட்டூன் உருவங்களின் சட்ட விஷயமும் இந்தச் சேர்க்கையைத்தான் பார்க்கிறது. நம் நாட்டில் 1990-களில் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு நாகராஜ் என்ற காமிக்ஸ் நாயகனை வைத்து ஒரு வழக்கு வந்தது. போட்டி நிறுவனம் நாகேஷ் என்று ஒரு நாயகனை இறக்கியிருந்தது. பெயர் வேறுதான். ஆனால் பாம்புத் தோல் போன்ற பச்சை உடை, சிவப்பு ஜட்டி, பாம்பு சம்பந்தப்பட்ட சக்திகள் எல்லாம் ஒத்துப்போயின. நீதிமன்றம் தடை விதித்தது. பச்சை உடைக்கோ பாம்புச் சக்திக்கோ தனித்தனியாக யாரும் சொந்தம் கொண்டாட முடியாது; எல்லாம் ஒரே உடம்பில் ஏறும்போதுதான் வில்லங்கம்.

இதற்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு சோதனை வைத்திருக்கிறோம். எழுதிய வர்ணனையை, படத்தைக் காட்டாமல், பக்கத்து மேஜைக்காரரிடம் வாசித்துக் காட்டுவது. அவர் பாதியிலேயே "ஓ, அதுவா!" என்று பெயரைச் சொல்லிவிட்டால் அந்த வர்ணனை குப்பைக்குப் போகும். கணக்குப் பிரிவில் இருக்கும் அக்காதான் இதற்குச் சரியான ஆள். அவர் வீட்டில் இரண்டு பிள்ளைகள், எல்லா கார்ட்டூனும் அத்துப்படி.

ஜூனியர் பையன் எழுதியது இந்தச் சோதனையில் தேறாது. அதனால் டாக்டரம்மாவிடம் திரும்பப் போய், அந்தப் பூனையில் அவருக்கு என்ன பிடித்தது என்று கேட்டோம். பயமுறுத்தாத உருண்டை வடிவம், தூரத்திலிருந்தே தெரிகிற தடித்த கோடு, குறைந்த நிறங்கள். அவருக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். நீலமோ மணியோ பையோ அவர் பட்டியலில் இல்லவே இல்லை. வடிவம், கோடு, நிறம் என்று அவர் சொன்ன மூன்றையும் வைத்துக்கொண்டு பிராணியை மாற்றினோம். பல்லுக்குப் பொருத்தமாக முன்பற்கள் எடுப்பாகத் தெரியும் அணில். கையில் வேப்பங்குச்சி கொடுக்கலாம் என்றேன். "நான் பிரஷ் வாங்கச் சொல்றேன், நீங்க குச்சியை நீட்டுறீங்களே" என்று டாக்டரம்மா சிரித்தபடி மறுத்துவிட்டார்.

அணில் என்று மட்டும் எழுதினால் கருவி புசுபுசு வால் வைத்த செம்பழுப்பு நிற வெளிநாட்டு அணிலைத் தருகிறது. நம் ஊர் மதில்மேல் ஓடுகிற மூன்று கோட்டு அணில் வேண்டுமென்றால் உடம்பைப் பகுதி பகுதியாகச் சொல்ல வேண்டும். கடைசியில் நின்ற ப்ராம்ப்ட் இது:

```
young Indian palm squirrel, small round grey-brown body,
three pale stripes from neck to tail, thin tail,
two big front teeth, holding a toothbrush upright,
thick even dark-brown outline, flat colours,
only grey-brown, mango yellow and off-white
```

கோடுகள் சில படங்களில் ஐந்தாகப் பெருகின, சிலவற்றில் வயிற்றுக்கு இறங்கின. அதைக் கையால்தான் சரிசெய்தோம்.

இதே மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்கு ஒரு தெருக் காட்சி கேட்டார்கள். இந்த முறை காட்டியது கார்ட்டூன் அல்ல, இன்றும் வரைந்துகொண்டிருக்கும் ஒரு நீர்வண்ண ஓவியரின் படங்கள். ஓவிய பாணிக்குப் பதிப்புரிமை கிடையாது, வரைந்த படத்துக்குத்தான் உண்டு என்பது பொதுவான நிலை. ஆனாலும் உயிரோடிருக்கும் ஒருவர் பெயரைத் தட்டச்சு செய்து அவர் பிழைப்பில் கைவைக்க எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. மாயாஜாலக் கதைக் காட்சிகள் வரையும் போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் கதை 2022-ல் பரவலாகப் பேசப்பட்டதுதான். ப்ராம்ப்ட் எழுதுகிறவர்கள் அவர் பெயரை அவ்வளவு பயன்படுத்தியதில், இணையத்தில் அவர் பெயரைத் தேடினால் அவர் வரையாத படங்களும் வர ஆரம்பித்தன.

நியாயத்தை விடுங்கள், வேலைக்கும் பெயர் உதவுவதில்லை. ருட்கோவ்ஸ்கியின் பெயரைப் போட்டால் பாணியோடு அவர் வழக்கமாக வரைகிற பொருள்களும் மூட்டையாக வந்து இறங்கும். நாம் கேட்காத டிராகனும் கோட்டையும், சில நேரம் மூலையில் கையெழுத்து மாதிரி ஒரு கிறுக்கலும்கூட. அந்தக் கிறுக்கலைக் கண்டால் யாருடைய சாயலோ பலமாக இறங்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுவோம். அனுப்புவதற்கு முன் படத்தையே இணையத்தில் கொடுத்து, அதே மாதிரிப் படம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும் அதனால்தான்.

காத்திருப்பு அறைப் படத்துக்கு, காட்டிய ஓவியங்களை முன்னால் வைத்துப் பார்த்ததை எழுதினோம். ஈரத் தாளில் ஒன்றோடொன்று கலக்கும் வண்ணம், வெளிச்சத்துக்குப் பூசாமல் விட்ட தாளின் வெள்ளை, முகம் தெரியாத கரிய மனித உருவங்கள், தாழ்ந்த அடிவானம், நீலமும் சுட்ட மண் பழுப்பும் மட்டும், ஈரமான தரையில் பிரதிபலிப்பு. முதல் இரண்டும் நீர்வண்ணம் பழகுகிற எல்லோருக்கும் பொதுச் சொத்து. மற்ற நான்கையும் ஒன்றாகச் சேர்த்தால் அவர் படமே எட்டிப் பார்க்கும். எனவே பொதுவானவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எங்கள் இடத்திலிருந்து எடுத்தோம். மழைத் தெருவுக்குப் பதில் காலை பத்து மணி வெயில், நீலத்துக்குப் பதில் ஓட்டுக் கூரையின் செம்மண் நிறம், தாழ்ந்த அடிவானத்துக்குப் பதில் மாடியிலிருந்து பார்க்கிற கோணம். முகங்களும் தெரியட்டும் என்று விட்டோம். பிள்ளைகள் உட்காரும் அறையில் முகமில்லாத மனிதர்கள் எதற்கு?

டாக்டரம்மாவுக்குப் படம் பிடித்தது, ஆனால் அவருடைய கணவருக்குத் திருப்தியில்லை. அந்த மழையும் அந்த நீலமும்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அப்படியானால் அது அந்த ஓவியரிடமே கேட்க வேண்டிய வேலை என்று சொல்லி, அவருக்கு எழுதும் முகவரியைக் கொடுத்தோம். அந்தச் சுவருக்கான கட்டணத்தை எங்கள் பில்லிலிருந்து கழித்துவிட்டோம்.